கெட்ட கனவு குறைய, சாயங்காலமே தொடங்குங்கள்

விடியற்காலை மூன்று, மூன்றரை மணிக்கு நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்து, "ஏன் இப்படி ஒரு கனவு வந்தது?" என்று விடியும்வரை யோசித்துக்கொண்டே இருக்கும் பெரியவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அறுபது, அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கனவு வேண்டும், அந்தக் கனவு வேண்டாம் என்று யாரும் கேட்டு வாங்க முடியாது. ஆனால் மனதை எந்த நிலையில் தூக்கத்துக்குள் அனுப்புகிறோம் என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் ஒரே கனவை மாற்றவும் வழி இருக்கிறது.

முதலில் கனவு எப்போது வருகிறது என்று பார்ப்போம். தூக்கம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மூடிய இமைக்குள் கண் அங்குமிங்கும் அசையும் ஒரு கட்டம் வரும். 1953-இல் சிகாகோவில் இதைக் கண்டறிந்தார்கள். நாம் நினைவில் வைத்திருக்கும் தெளிவான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் வருபவை. முன்னிரவில் இது சில நிமிடங்கள்தான் இருக்கும். விடியலை நெருங்க நெருங்க நீளும். வயதானால் தூக்கம் மெலிதாகி அடிக்கடி விழிப்பு வரும், கனவின் நடுவில் விழித்தால்தான் அது நினைவில் நிற்கும். இளவயதில் நிம்மதியாகத் தூங்கியவருக்கு இப்போது கனவு கூடிவிட்டதுபோலத் தோன்ற இதுவும் ஒரு காரணம்.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "விடியக்காலைக் கனவு பலிக்கும்", "செத்தவங்க வந்து கூப்பிட்டா ஆகாது" என்று நம் பக்கம் சொல்வார்கள். அந்த நேரத்தில் கனவு அதிகமாக வருவது தூக்கத்தின் அமைப்பால். இறந்துபோன கணவரோ மனைவியோ அண்ணனோ கனவில் வருவது, ஒருவரை இழந்த பலருக்கும் நடப்பது. அதனால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. இந்தப் பயத்தோடு படுப்பவருக்குத்தான் மறுநாளும் அதே கனவு வர வாய்ப்பு அதிகம். கனவுக்குப் பரிகாரம் தேடி அலைவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சரி, ஒரு சாயங்காலத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போவோம்.

எப்போது படுப்பது

ஊர்ப்புறத்தில் பெரியவர்கள் ஏழரைக்குச் சாப்பிட்டு எட்டு மணிக்குக் கட்டிலில் சாய்ந்துவிடுகிறார்கள். வயதானவருக்கு ஏழு மணி நேரத் தூக்கம் போதும். எட்டுக்குத் தூங்கினால் மூன்று மணிக்கு உடம்பின் கணக்கு முடிந்துவிடும். அதற்குமேல் அரைத் தூக்கத்தில் புரண்டு கிடக்கும் நேரத்தில்தான் கனவும் கவலையும் கலந்து வருகின்றன. அதனால் படுக்கும் நேரத்தை வாரத்துக்கு இருபது நிமிடமாகத் தள்ளித் தள்ளி ஒன்பதரைக்குக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் மாற்றினால் சோர்வுதான் மிஞ்சும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வெயில் தணிந்ததும் வாசலிலோ தெருவிலோ சற்று நேரம் நடந்தால், எட்டு மணிக்குக் கண் சொக்குவது குறையும். மதியத் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்குமுன் எழுந்துவிடுங்கள்.

கடைசிக் காப்பியோ டீயோ மதியம் மூன்று மணிக்குள் முடியட்டும். குடித்த காப்பியின் வீரியம் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம்.

ஆறரை மணி: கவலையை இறக்கி வைப்பது

படுக்கையில் வந்து நிற்கும் கவலைகள் பெரும்பாலும் புதியவை அல்ல. பகலில் தள்ளிப்போட்டவைதான் விளக்கை அணைத்ததும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். அவற்றுக்கு விளக்கு வைத்த பிறகு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பேரப்பிள்ளையின் பழைய நோட்டு ஒன்று போதும். பக்கத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் மனதை அரிக்கும் விஷயம், வலப்பக்கம் அடுத்து செய்யப்போகும் ஒரே ஒரு வேலை என்று எழுதுங்கள்.

ஒரு பக்கம் இப்படி இருக்கலாம். "பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்கவில்லை" என்பதற்கு எதிரே, "வியாழக்கிழமை பேரனோடு போஸ்ட் ஆபீஸ்". "முழங்கால் வலி கூடுகிறது" என்பதற்கு எதிரே, "அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் காட்டுவது". "சின்னவன் போன் பண்ணவே இல்லை" என்பதற்கு எதிரே, "ஞாயிறு காலை நானே பண்ணுவது". சில கவலைகளுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. மகளின் குடும்பச் சண்டைக்கு நாம் இன்று ராத்திரி செய்ய என்ன இருக்கிறது? அங்கே "இன்று ஒன்றுமில்லை" என்றே எழுதிவிடுங்கள். வலப்பக்கத்தை வெறுமையாக மட்டும் விடாதீர்கள். வெறும் புலம்பலாக எழுதி மூடினால் கவலை இன்னும் கூடி நிற்கும்.

அமெரிக்காவில் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட சோதனையில், படுக்குமுன் ஐந்து நிமிடம் மறுநாள் வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். சோதனை சிறியது, அவர்கள் இளைஞர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் ஒரு நோட்டுக்கும் பேனாவுக்கும் பெரிய செலவு இல்லை. பார்வை மங்கியவர்கள் வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லலாம். கேட்பவர் புத்தி சொல்லாமல் "அடுத்து என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டால் போதும்.

படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

எட்டரைக்கு டிவியை நிறுத்துங்கள். சண்டையும் அழுகையுமாக ஓடும் சீரியலையும், கொலை, விபத்து என்று திரும்பத் திரும்பக் காட்டும் செய்தியையும் பார்த்த கையோடு படுத்தால், அந்தப் படபடப்பு கூடவே வரும். வீட்டில் மற்றவர்கள் பார்ப்பதைத் தடுக்க முடியாதென்றால், நீங்கள் திண்ணைக்கோ மாடிக்கோ போய்விடுங்கள். குடும்ப வாட்ஸ்அப்பையும் இந்த நேரத்தில் திறக்க வேண்டாம். மரணச் செய்திகள் அதிகம் வருவது அதில்தான்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கால் வைப்பது நல்ல பழக்கம். கால் தோலுக்கு ரத்தம் கூடுதலாக வரும், அதன் வழியாக உடம்பின் உள்சூடு வெளியேறும், சூடு இறங்கத் தொடங்கியதும் தூக்கம் வரும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, 40 டிகிரி செல்சியஸ் அல்லது சற்றே கூடுதலான சூட்டில் குளித்தாலோ கால் வைத்தாலோ தூக்கம் சீக்கிரம் வருவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்கள் காலால் சூடு பார்க்கக் கூடாது. முழங்கையை விட்டுப் பாருங்கள், அல்லது வேறு ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சுடுகிறது என்று தெரியாமலே கொப்புளம் போட்டுவிடும். கால் வைத்து முடித்ததும் விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது மதுரைக்காரர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும் மல்லிகை மணம். ஜெர்மனியில் தூங்கிக்கொண்டிருந்த 15 பெண்களுக்கு, கனவு வரும் கட்டத்தில் ரோஜா மணத்தையும் அழுகிய முட்டை நாற்றத்தையும் காட்டி, எழுப்பிக் கனவைக் கேட்டார்கள். மணம் அப்படியே கனவில் வரவில்லை. ஆனால் ரோஜா மணம் காட்டியபோது கனவின் உணர்வு இதமாகவும், நாற்றம் காட்டியபோது கசப்பாகவும் இருந்தது. மல்லிகையை அவர்கள் சோதிக்கவில்லை. அதனால் மல்லி வைத்தால் நல்ல கனவு வரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்குப் பிடித்த, நல்ல நினைவுகளோடு சேர்ந்த மணமாக இருந்தால், சாயங்காலம் மொட்டாக வாங்கிய ஒரு முழத்தைத் தலைமாட்டு ஸ்டூலில் ஒரு கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள். மொட்டு இரவில்தான் விரிந்து மணக்கும். நெருங்கிய மணத்தால் தலைவலியோ இளைப்போ வருபவர்கள் விட்டுவிடுங்கள். அறைக்குள் ஊதுபத்திப் புகையும், விடிய விடிய எரியும் கொசுவர்த்தியும் வேண்டாம். கொசுவலைதான் நல்லது.

படுத்ததும் மூச்சு. மனதுக்குள் நாலு எண்ணியபடி இழுத்து, ஆறு எண்ணியபடி விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், மூச்சை அடக்க வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். தினமும் சொல்லும் பாட்டோ, ஜெபமோ, திக்ரோ இருந்தால் அதையே மெதுவாகச் சொல்லுங்கள். வாய்க்குப் பழகிய வரிகள் மூச்சைத் தானாக நிதானப்படுத்தும்.

பிறகு ஒரே ஓர் இடத்தை மனதில் கொண்டுவாருங்கள். வண்டியூர்த் தெப்பக்குளத்தின் படிக்கட்டில் சாயங்காலக் காற்றில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கல் பகல் சூட்டோடு இருக்கிறது, நடுவில் மைய மண்டபம் தெரிகிறது, பக்கத்தில் ஒருவர் சுண்டல் தின்கிறார். கண்ணுக்குத் தெரிவது மட்டுமில்லாமல், தொட்டால் எப்படி இருக்கும், காதில் என்ன கேட்கும் என்பதுவரை போக வேண்டும். தினம் ஓர் இடமாக மாற்றாமல் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து நாளில் மனம் அங்கே தானாகப் போகும்.

நடு இரவில் விழித்துவிட்டால்

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மெல்லிய விளக்கைப் போட்டு, தரையில் பாதம் பதித்து உட்கார்ந்து, அறையில் உள்ளதைப் பெயர் சொல்லிப் பாருங்கள்: இது பீரோ, இது சொம்பு, இது என் சேலை. கனவின் பிடி தளரும். அந்த நேரத்தில் கனவை அலசி ஆராய வேண்டாம், அதைப் பகலில் பார்க்கலாம். கால் மணி நேரம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து நாற்காலியில் உட்காருங்கள், கண் சொருகும்போது மறுபடி படுங்கள். சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. அதனால் கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்த பிறகே நில்லுங்கள்.

திரும்பத் திரும்ப வரும் ஒரே கனவு

மேலே சொன்ன பழக்கங்களுக்கு அசையாத கனவுகளும் உண்டு. மேலூர்ப் பக்கம் என் பெரியம்மா ஒருவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். பெரியப்பா தவறிய பிறகு அவருக்கு ஒரே கனவு. மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கூட்டம். பெரியப்பா ஒரு பஸ்ஸில் ஏறுகிறார். பெரியம்மா ஓடுகிறார், கால் நகரவில்லை, பஸ் கிளம்பிவிடுகிறது. "அவுக பாட்டுக்கு ஏறிப் போறாக. நான் கத்திக் கூப்பிடுறேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறாக" என்று சொல்லும்போதே அழுவார். படுக்கவே பயந்து பாயைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்த இரவுகளும் உண்டு.

இப்படிப்பட்ட கனவுக்கு ஒரு முறை இருக்கிறது. கனவை விழித்திருக்கும்போதே மாற்றி எழுதி, மாற்றியதை மனதில் ஓட்டிப் பழகுவது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையில், அடிக்கடி வரும் கெட்ட கனவுகளுக்குப் பரிந்துரைத்த முறை இது. மாத்திரை எதுவும் கிடையாது. காலை பத்து, பதினொரு மணிபோல, பக்கத்தில் ஆள் இருக்கும் நேரத்தில் செய்ய வேண்டும். படுக்கப்போகும்போது தொடங்கக் கூடாது.

பெரியம்மாவுக்கு எழுத வராது. அவர் சொல்ல, பேத்தி எழுதினாள். கனவை ஒரே ஒரு முறை, இப்போது நடப்பதுபோலச் சொல்லச் சொன்னோம். அப்புறம், "இதுல எந்த இடத்துல மாத்தணும்னு தோணுதோ அங்க மாத்துங்க பெரியம்மா, எப்படி வேணாலும் மாத்தலாம்" என்றேன். முதலில் அவர் சொன்னது, பெரியப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கே வந்துவிடுவதாக. இரண்டு நாள் அதை நினைத்துப் பழகியதில் துக்கம்தான் கூடியது. கண்ணைத் திறந்தால் வீட்டில் அவர் இல்லை அல்லவா? மாற்றிய முடிவு விழித்த பிறகும் மனம் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதனால் இன்னொரு முடிவு யோசித்தார்.

அதில் பெரியப்பா படியில் கால் வைக்கிறார், திரும்பிப் பார்க்கிறார், "நீ வீட்டுக்குப் போய்க் கோழிய அடை, நேரமாச்சு" என்கிறார். பெரியம்மா தலையாட்டுகிறார். பஸ் போகிறது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு மேலூர் பஸ் ஏறுகிறார், ஜன்னலோரம் இடம் கிடைக்கிறது, காற்று வருகிறது. வீட்டில் கோழிகளைக் கூட்டில் அடைத்துக் கதவைச் சாத்துகிறார். அவ்வளவுதான். பேத்தி தினமும் காலையில் இதை வாசிக்க, அவர் கண்ணை மூடி டீயின் சூட்டையும் ஜன்னல் காற்றையும் பத்து நிமிடம் நினைத்துக்கொண்டிருப்பார். பழைய கனவை மறுபடி வாசிக்கவில்லை, அந்தத் தாளைக் கிழித்துவிட்டோம்.

முதல் வாரம் எந்த மாற்றமும் தெரியவில்லை. இந்த இடத்தில்தான் பலரும் விட்டுவிடுவார்கள். மூன்றாவது வாரம்போலக் கனவு வருவது குறைந்தது. மாட்டுத்தாவணி இன்னும் அவர் கனவில் வருகிறது, ஆனால் அவர் ஓடுவதில்லை. துக்கம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பாயை விரிக்கப் பயப்படுவது நின்றது.

நீங்கள் செய்வதானால், முதன்முதலில் மிகக் கொடூரமான கனவை எடுக்காதீர்கள். பயம் கொஞ்சம் குறைவான ஒன்றில் பழகுங்கள். தீ விபத்து, வன்முறை போன்று நிஜத்தில் நடந்தது கனவாக வருகிறதென்றால் தனியாகச் செய்ய வேண்டாம், மனநல மருத்துவரோ ஆலோசகரோ கூட இருக்கட்டும். செய்யச் செய்யப் பதற்றம் கூடினாலும் நிறுத்திவிட்டு அவர்களிடம் போங்கள்.

பழக்கத்தால் தீராத கனவுகள்

சில கெட்ட கனவுகளுக்குக் காரணம் மனதில் இல்லை, உடம்பில் இருக்கும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர், பயங்கரக் கனவோடு வியர்வையில் நனைந்து, கை நடுங்க விழித்தால், சர்க்கரை இறங்கியிருக்கலாம். வீட்டுக் கருவியில் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். கருவி இல்லாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள். மறுநாள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மெட்டோப்ரோலால், ப்ரோப்ரனோலால் போன்ற மாத்திரைகளும், ஞாபக மறதிக்கு இரவில் கொடுக்கும் டோனெபெசிலும் சிலருக்குக் கனவைக் கூட்டும். புது மாத்திரை தொடங்கிய பிறகு கனவு கூடியதா என்று யோசித்துப் பாருங்கள். நீங்களாக நிறுத்தக் கூடாது. மெட்டோப்ரோலால் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து. நேரத்தை மாற்றலாமா, வேறு மருந்து தரலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். நீர் மாத்திரையைச் சாயங்காலம் போடுவதால் இரவெல்லாம் எழ வேண்டியிருந்தால், அதைக் காலைக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். மது குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது முன்னிரவுக் கனவை அமுக்கிவிட்டுப் பின்னிரவில் இன்னும் உக்கிரமாகக் கொண்டுவரும்.

பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருபவருக்கு, தண்ணீரில் மூழ்குவதுபோலவோ கழுத்தை நெரிப்பதுபோலவோ கனவு வரலாம். அது மூச்சுத் தடைக்கான அறிகுறியாக இருக்கக்கூடும், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

தூக்கத்திலேயே கத்துவது, குத்துவது, உதைப்பது, கட்டிலிலிருந்து பாய்வது என்று கனவை உடம்பு நடித்துக் காட்டினால் காத்திருக்க வேண்டாம். இது ஐம்பதைத் தாண்டிய ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து வரும் பார்க்கின்சன் போன்ற நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கிறது. பேய் பிடித்தது என்று மந்திரிக்க அழைத்துப் போகாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மதுரையில் பெரியாஸ்பத்திரியிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறது. அதுவரை தரையில் மெத்தை போட்டுப் படுக்கவையுங்கள், ஸ்டூல், கண்ணாடிச் சாமான்களைத் தள்ளி வையுங்கள், பக்கத்தில் படுப்பவர் வேறு படுக்கைக்குப் போகட்டும்.

டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கூடவே ஒரு வாரத்துக்கு எத்தனை மணிக்குப் படுத்தது, எப்போது விழித்தது, வியர்த்ததா, கத்தியதாக யாராவது சொன்னார்களா என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் பக்கத்தில் படுப்பவரையும் அழைத்துப் போவது நல்லது. தூக்கத்தில் நடந்தது அவருக்குத்தான் தெரியும்.